பட்டியலில் இரண்டு ‘TWS’: தாத்தாவுக்கு வந்த அழைப்பு யார் காதுக்குப் போனது?

கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் சொல்ல மருத்துவமனையிலிருந்து அழைக்கிறார்கள். தாத்தா கைப்பேசியை எடுத்துப் பச்சைப் பொத்தானைத் தள்ளி "ஹலோ" என்கிறார். பதில் இல்லை. மீண்டும் "ஹலோ, ஹலோ" என்கிறார். திரையில் விநாடிகள் ஓடுகின்றன, குரல் மட்டும் வரவில்லை. அரை நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படுகிறது. கைப்பேசி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பட்டணத்துக்குப் போகும்போது கடையில் காட்டச் சொல்லி மகனிடம் கொடுத்துவிடுகிறார்.

கைப்பேசி கெடவில்லை. அந்த அரை நிமிடமும் தாதியின் குரல் பக்கத்து அறையில், தலையணை ஓரம் கிடந்த பேத்தியின் இயர்பட்ஸில் ஒலித்துக்கொண்டிருந்தது. தாத்தா பேசியதும் மறுமுனைக்குக் கேட்கவில்லை. அழைப்பு இயர்பட்ஸுக்குப் போய்விட்டால் ஒலிபெருக்கி மட்டுமல்ல, மைக்கும் அங்கே போய்விடுகிறது.

இப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்த்தால், எங்கே குழப்பம் தொடங்குகிறது, அதை எப்படித் தீர்ப்பது என்பது விளங்கும். தோட்டத்தை விட்டு வந்து தாமானில் குடியேறிய குடும்பம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, படிவம் 4 படிக்கும் மகள், ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகன் என ஆறு பேர். மகனைத் தவிர மற்ற ஐவரிடமும் கைப்பேசி உண்டு. அம்மாவிடம் ஏர்போட்ஸ். பிள்ளைகள் இருவரிடமும் பசார் மாலாமில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வெள்ளை இயர்பட்ஸ்.

குரல் எப்படி இடம் மாறியது?

பள்ளி விடுமுறையில் மகளின் டேட்டா தீர்ந்துவிட்டது. தாத்தாவின் கைப்பேசியில் நாடகம் பார்க்கத் தன் இயர்பட்ஸை அதனுடன் இணைத்தாள். ஒரு முறை இணைத்தால் போதும். கைப்பேசியும் இயர்பட்ஸும் ஒன்றையொன்று நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பெட்டியைத் திறந்தவுடன், இத்தகைய இயர்பட்ஸ் பெரும்பாலும் கடைசியாக இணைந்திருந்த கைப்பேசியையே முதலில் தேடும். யாரும் எந்தப் பொத்தானையும் தொட வேண்டியதில்லை.

முதல் நாள் இரவு அவள் நாடகம் பார்த்தது தாத்தாவின் கைப்பேசியில். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து இயர்பட்ஸை வெளியே எடுத்தாள். அம்மா கூப்பிட்டதும் தலையணை மேல் போட்டுவிட்டு எழுந்து போனாள். புளூடூத் வீட்டுக்குள் ஏறக்குறைய 10 மீட்டர் வரை எட்டும். ஒரு சுவர் குறுக்கே இருந்தாலும் பெரும்பாலும் தாங்கும். முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியோடு இயர்பட்ஸ் தானாகவே சேர்ந்துகொண்டது.

தாத்தா அந்த நேரத்தில் திரையைப் பார்க்காமல் இல்லை. பேசும்போது திரையில் ஒலி எங்கே போகிறது என்று காட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது Bluetooth என்றும், ஐபோனில் Audio என்றும் தெரியும். அதைத் தொட்டால், இணைந்திருக்கும் கருவியின் பெயர் வரும். தாத்தாவும் ஏதோ ஒன்றைத் தொட்டார். வந்த பெயர் TWS. அது என்ன, யாருடையது, அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் வேறு யாருக்கும்கூடத் தெரிந்திருக்காது.

TWS என்பது கம்பியே இல்லாமல் இரு காதுக்கும் தனித்தனியாக இயங்கும் வகையைக் குறிக்கும் சுருக்கம். விலை குறைந்த இயர்பட்ஸ் பலவும் அந்த வகைப் பெயரையோ மாடல் எண்ணையோதான் தங்கள் பெயராகச் சொல்லும். தாத்தாவின் கைப்பேசியில் Bluetooth பக்கத்தைத் திறந்தால் இப்படி இருந்தது:

```
TWS
TWS
AirPods
```

முதல் TWS மகளுடையதா, மகனுடையதா? பார்த்துச் சொல்ல வழியில்லை. அப்பாவின் காரில் வானொலித் திரையைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம்:

```
Galaxy A15
Galaxy A15
iPhone
Redmi Note 13
```

தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஒரே மாடல் கைப்பேசி. காரில் எல்லாரும் ஏறினால், யாருடைய கைப்பேசி வானொலியோடு சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கார் தாமானை விட்டு வெளியே வந்துவிடும்.

பெயர் ஒன்று, முறை பல

பெயரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பலரும் முயன்று பார்த்திருப்பார்கள். ஒரு கைப்பேசியில் மாற்றினால் மற்றொன்றில் பழைய பெயரே நிற்கும், அத்தோடு விட்டுவிடுவார்கள். காரணம், இங்கே இரண்டு வகைப் பெயர்கள் இருக்கின்றன.

ஒரு பெண்ணுக்குப் பெயர் ஒன்றுதான். ஆனால் பிள்ளைக்கு அவர் அம்மா, மாமியாருக்கு மருமகள், நாத்தனாருக்கு அண்ணி. பெயர் அவருடையது, முறை கூப்பிடுகிறவருடையது. கருவிகளிலும் இதே கதைதான்.

முதல் வகை, கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லும் பெயர். அது அந்தக் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. கைப்பேசியின் பெயர் இந்த வகை. அதை அந்தக் கைப்பேசியில்தான் மாற்ற முடியும். மாற்றினால் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் புதுப் பெயர் போய்ச் சேரும்.

இரண்டாவது வகை, ஒரு கைப்பேசி இன்னொரு கருவிக்குத் தன் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்ளும் பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இணைந்த இயர்பட்ஸின் பக்கத்தில் உள்ள Rename இந்த வகை. தாத்தாவின் கைப்பேசியில் TWS என்பதை மாற்றினால் தாத்தாவின் பட்டியலில் மட்டுமே மாறும். அம்மாவின் கைப்பேசியில் அதே இயர்பட்ஸ் இன்னமும் TWS என்றே நிற்கும். ஏனென்றால் இயர்பட்ஸுக்குள் எதுவும் மாறவில்லை.

இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், எதை எங்கே மாற்ற வேண்டும் என்பது தெளிவாகிவிடும். கைப்பேசிக்கு ஒரே ஒரு முறை, அதன் சொந்தத் திரையில். சாதாரண இயர்பட்ஸுக்கோ, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கைப்பேசியிலும் தனித்தனியாக.

யாருடைய வாயில் வரும் பெயர்?

அடுத்த கேள்வி, என்ன பெயர் வைப்பது என்பது. மகள் தன் கைப்பேசிக்கு விருப்பமான நடிகரின் பெயரையோ நட்சத்திரக் குறிகளையோ வைத்திருக்கலாம். அவளுக்கு அது தெரியும், பாட்டிக்குத் தெரியாது. பட்டியலைப் பார்க்கப் போகிறவர் யார் என்பதை வைத்துத்தான் பெயர் அமைய வேண்டும்.

அம்மா, அக்கா என்று முறைப்பெயர் வைக்கலாம் என்றால், யாருக்கு அம்மா, யாருக்கு அக்கா என்ற சிக்கல் வருகிறது. இதற்கு நம் வீடுகளில் முன்பே ஒரு வழி இருக்கிறது. கடைசிப் பிள்ளை எப்படிக் கூப்பிடுகிறதோ, அப்படியே வீடு முழுவதும் கூப்பிடத் தொடங்கிவிடுவது வழக்கம். பெற்ற தாயே மூத்த மகளை "அக்காவைக் கூப்பிடு" என்பார். பாட்டியும் தாத்தாவைப் பேரப்பிள்ளைகளிடம் "தாத்தா" என்றுதான் சொல்வார். அதனால் கடைக்குட்டியின் வாயில் வரும் பெயரை வைத்தால் ஆறு பேருக்கும் ஒரே பொருள் கிடைக்கும். கடைக்குட்டிக்கு மட்டும் வீட்டில் அழைக்கும் ‘தம்பி’.

தீபாவளிக்கு உறவினர்கள் ஒன்றுகூடினால் ஒரே வீட்டில் மூன்று அம்மா, நான்கு அக்கா வந்துவிடுவார்கள். அதற்கும் வழக்கத்திலேயே விடை உண்டு. ஈப்போ மாமா, கிள்ளான் சித்தி என்று ஊரைச் சேர்த்துச் சொல்வதுபோல, அடிக்கடி வந்து போகும் உறவினரின் கைப்பேசிக்கு ‘Ipoh Mama HP’ என்று வைத்தால் குழப்பம் இல்லை.

ஆளின் பெயர் முன்னால் வர வேண்டும், பொருள் பின்னால். கார் வானொலியின் சிறிய திரையில் பெயரின் முதல் சில எழுத்துகளே தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். ‘Samsung Galaxy Thatha’ என்று வைத்தால் தாத்தா வெட்டுப்பட்டுப் போவார். ‘Thatha HP’ என்றால் வெட்டுப்பட்டாலும் தாத்தா நிற்பார். மாடலின் பெயர் தேவையே இல்லை. அதை யாரும் தேடப் போவதில்லை.

கைப்பேசியின் சொந்தப் பெயரைத் தமிழில் வைக்கலாமா? இன்னொரு கைப்பேசியில் அது பெரும்பாலும் நன்றாகவே தெரியும். கார் வானொலி பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கட்டங்களோ கேள்விக்குறிகளோதான் வரும். இன்னொரு தடையும் உண்டு. ஐபோனில் இதே பெயர்தான் ஹாட்ஸ்பாட்டின் பெயராகவும் போகிறது. வைஃபை பெயருக்கு உள்ள இடம் 32 பைட் மட்டுமே. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழிலோ எழுத்து, புள்ளி, துணைக்கால், கொம்பு என ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் செலவாகும். ‘தாத்தா’ என்ற ஒரு சொல்லே 18 பைட் எடுத்துக்கொள்ளும். ‘தாத்தா கைப்பேசி’ என்று எழுதினால் 43 ஆகிவிடும்; இடம் போதாது. எனவே எல்லாருக்கும் தெரிய வேண்டிய சொந்தப் பெயரை ஆங்கில எழுத்தில், குறிகள் எதுவும் இல்லாமல், சுருக்கமாக வைப்பதே பாதுகாப்பு.

கைப்பேசிகளுக்குப் பெயர் வைத்தல்

ஐபோனில் வழி இது:

```
Settings > General > About > Name
```

சாம்சங் கைப்பேசியில் About phone பக்கத்தின் மேலேயே கைப்பேசியின் பெயரும் அதை மாற்றும் Edit பொத்தானும் இருக்கும். மற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அதே பக்கத்தில் Device name என்ற வரி இருக்கும்:

```
Settings > About phone > Device name
```

அங்கே இல்லையென்றால் Bluetooth பக்கத்துக்குள் Device name என்று தேடலாம். மலாய்மொழியில் அமைத்திருக்கும் கைப்பேசியில் Settings என்பது Tetapan என்று இருக்கும்.

ஐந்து கைப்பேசிகளையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மாற்றினால் பத்து நிமிட வேலை. Thatha HP, Paatti HP, Appa HP, Amma HP, Akka HP. மாற்றிய உடனே கடைசியாக ஒரு சோதனை: ஒரு கைப்பேசியில் Bluetooth பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றொன்றிலும் அதே பக்கத்தைத் திறக்க வேண்டும். பொதுவாக அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் ஒரு கைப்பேசி புதிய கருவிகளின் கண்ணுக்குத் தெரியும். புதுப் பெயர் வந்தால் வேலை முடிந்தது.

ஹாட்ஸ்பாட்டைப் பொறுத்தவரை ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது பெரும்பாலும் தனிப் பெயர். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் தனியே மாற்ற வேண்டும். எந்தக் கைப்பேசியானாலும் ஹாட்ஸ்பாட் பெயர் மாறினால், முன்பு அதில் சேர்ந்திருந்த கருவிகள் அதைப் புது வைஃபை என்றே நினைக்கும். கடவுச்சொல்லை ஒரு முறை மீண்டும் கொடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். அம்மாவின் ஐபோன் பெயரை மாற்றிய மறுநாள் "வைஃபை வரவில்லை" என்று பிள்ளைகள் சொன்னால் காரணம் இதுதான்.

இயர்பட்ஸுக்குப் பெயர் வைத்தல்

அம்மாவின் ஏர்போட்ஸ் எளிது. அது ஐபோனோடு இணைந்திருக்கும்போது Settings > Bluetooth பக்கத்தில் அதன் பக்கத்தில் உள்ள (i) குறியைத் தொட்டு Name வரியில் ‘Amma Buds’ என்று எழுதினால் போதும். இந்தப் பெயர் ஏர்போட்ஸுக்குள்ளேயே பதிகிறது. ஆகவே பிறகு அதைப் புதிதாக இணைக்கும் கைப்பேசிகளிலும் அதே பெயர் வரும். வேறு சில நிறுவனங்களின் இயர்பட்ஸுக்கும் அந்தந்த நிறுவனத்தின் செயலியில் இப்படிப் பெயர் மாற்றும் வசதி உண்டு. வாங்கும்போது பெட்டியில் செயலியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

பிள்ளைகளின் இரண்டு TWS-தான் சவால். எது யாருடையது என்று தெரியாமல் பெயர் வைத்தால் முன்பைவிடப் பெரிய குழப்பம் வரும். அதனால் ஒன்றை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

முதலில் இரண்டு இயர்பட்ஸையும் அவற்றின் பெட்டிக்குள் போட்டு மூட வேண்டும். தாத்தாவின் கைப்பேசியில் Bluetooth பக்கத்தைத் திறந்தால் இரண்டு TWS-உம் இணையாத நிலையில் நிற்கும். இப்போது மகளின் பெட்டியை மட்டும் திறந்து, இரு இயர்பட்ஸையும் ஒன்றாக வெளியே எடுக்க வேண்டும். சில விநாடிகளில் இரண்டில் ஒரு வரியில் Connected என்று வரும். அதுதான் மகளுடையது. தானாக இணையாவிட்டால் ஒரு வரியைத் தொட்டுப் பார்க்கலாம். மூடிய பெட்டிக்குரிய வரி இணையாது. இணைந்த வரியின் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, Rename அல்லது பென்சில் குறி வழியாகப் பெயரை மாற்றலாம். பிறகு மகளுடையதைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, மகனுடையதைத் திறந்து அதே வேலையைச் செய்யலாம்.

இந்தப் பெயர் தாத்தாவின் பட்டியலுக்கு மட்டும் உரியது என்பதால், இங்கே தமிழுக்கு எந்தத் தடையும் இல்லை. கடைக்குட்டியின் முறையும் இங்கே கட்டாயமில்லை. தாத்தா தமிழ் மட்டுமே படிப்பவர் என்றால் அவருக்குப் புரியும்படியே வைக்கலாம்:

```
பேத்தி இயர்பட்ஸ்
பேரன் இயர்பட்ஸ்
Amma Buds
```

பட்டியலில் ஒரே இயர்பட்ஸ் இரண்டு வரிகளாக, பெயரின் கடைசியில் L, R என்ற எழுத்துகளோடு வந்தால், இடதும் வலதும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே கைப்பேசியோடு சேர்ந்திருக்கின்றன என்று பொருள். அதற்குப் பெயர் வைத்துப் பயனில்லை. இரண்டு வரிகளையும் Unpair அல்லது Forget கொடுத்து நீக்கிவிட்டு, இரு இயர்பட்ஸையும் பெட்டிக்குள் போட்டு மூடி, மீண்டும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து இணைத்தால் பெரும்பாலும் ஒரே வரியாக வரும்.

திரையில் பிரித்தாகிவிட்டது, கையில் பிரிக்க வேண்டாமா? ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றின் அடியில் ஒரு துளி நகப்பூச்சு வைத்துவிட்டால் போதும். பெட்டிகள் மாறிப்போனால் திரையில் உள்ள பெயர்களும் பொய்யாகிவிடும்.

காரில் பழைய பெயரே நின்றால்

கைப்பேசிகளின் பெயரை மாற்றிய மறுநாளும் காரில் இரண்டு ‘Galaxy A15’ அப்படியே நிற்கலாம். பெயர் மாற்றம் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கார் வானொலிகள் பல, முதன்முதலில் இணைத்த நாளில் கேட்ட பெயரையே எழுதி வைத்துக்கொள்கின்றன. கைப்பேசியின் புளூடூத்தை நிறுத்தி மீண்டும் போட்டு இணைத்துப் பார்க்கலாம். அப்போதும் மாறாவிட்டால் இரு பக்கமும் அழிக்க வேண்டும்: வானொலியின் பட்டியலில் அந்தக் கைப்பேசியை நீக்கி, கைப்பேசியின் பட்டியலில் காரை நீக்கி, புதிதாக இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் மற்றொரு பக்கம் பழைய இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, சேர மறுக்கும். இந்த வேலையைக் கார் நின்றிருக்கும்போதே செய்ய வேண்டும். ஓடும் காரில் இணைக்க விடாத வானொலிகளும் உண்டு.

காரின் நினைவில் சில கைப்பேசிகளுக்குத்தான் இடம் இருக்கும். விற்றுவிட்ட பழைய கைப்பேசிகளின் வரிகளையும் அந்தக் கையோடு நீக்கிவிடலாம்.

பெயரால் ஆகாதவை

பெயர் வைத்துவிட்டதால் இயர்பட்ஸ் தாத்தாவின் கைப்பேசியோடு சேராமல் இருந்துவிடாது. யாருடையது சேர்ந்திருக்கிறது என்று பெயர் காட்டும், அவ்வளவுதான். சேருவதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு.

பேத்திக்குத் தாத்தாவின் கைப்பேசி இனி தேவைப்படாது என்றால் Unpair கொடுத்து முற்றிலும் நீக்கிவிடலாம். தேவைப்படும் என்றால், பெயர் மாற்றிய அதே பக்கத்தில் Calls, Audio என இரண்டு சுவிட்சுகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் இவை உண்டு. சிலவற்றில் Phone calls, Media audio என்று இருக்கும். அழைப்புக்கான சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டால் நாடகத்தின் ஒலி இயர்பட்ஸுக்குப் போகும்; தாத்தாவுக்கு வரும் அழைப்பு கைப்பேசியிலேயே நிற்கும். இரண்டு TWS-க்கும் இதைச் செய்ய வேண்டும். எந்த வரி யாருடையது என்று தெரிந்திருப்பதால் ஒன்று விட்டுப்போகாது.

ஒருமுறை நீக்கி மறுபடி இணைத்தால் தாத்தாவின் பட்டியலில் மீண்டும் TWS என்றே வரும். வைத்த பெயர் இணைப்போடு சேர்ந்து அழிந்துவிடுவதால், திரும்பவும் எழுத வேண்டும்.

கைமாறும் கைப்பேசிகளையும் கவனிக்க வேண்டும். அம்மாவின் பழைய கைப்பேசி தம்பிக்கு வந்தால் ‘Amma HP’ என்ற பெயரும் கூடவே வந்துவிடும். பழைய ஐபோனின் சேமிப்பிலிருந்து புது ஐபோனை அமைத்தால் சில நேரம் பெயரும் சேர்ந்து வந்து, வீட்டில் இரண்டு ‘Amma HP’ ஆகிவிடும். கைமாறும் நாளிலேயே பெயரையும் மாற்றிவிடுவது நல்லது.

பெயரை வீட்டார் மட்டும் பார்ப்பதில்லை. பேருந்திலும் கிளினிக்கிலும் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் பட்டியலில் அது தெரியும். முழுப்பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், வீட்டு எண் ஆகியவற்றை அதில் எழுதக் கூடாது. ‘Akka HP’ என்பது வீட்டாருக்கு எல்லாம் சொல்லும். அந்நியருக்கு எதுவும் சொல்லாது.

மருத்துவமனையிலிருந்து இரண்டாவது முறை அழைப்பு வரும் நாளில், தாத்தாவின் கைப்பேசியில் யாரோ அந்தச் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டிருந்தாலும் கவலை இல்லை. குரல் வரவில்லை என்றதும் அவர் Bluetooth பொத்தானைத் தொடுவார். ‘பேத்தி இயர்பட்ஸ்’ என்று தெரியும். அதற்குப் பக்கத்தில் உள்ள Phone என்பதைத் தொட்டால் குரல் அவர் காதுக்கே திரும்பிவிடும். அது கைவராவிட்டால் அறையைப் பார்த்து, "ஆயி, உன் காதுல போடுறதைப் பெட்டியில போட்டு மூடு!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.